ஒரே கூந்தல், ஐந்து வெளிச்சம்

கல்யாண ஆல்பத்துக்குப் படம் திருத்துகிறவர்களிடம் இப்போது அடிக்கடி வரும் கோரிக்கை இது: "பொண்ணோட முடி கறுப்பா இருக்கு. எல்லா போட்டோலயும் லேசான செம்புக் கலர்ல மாத்திக் குடுங்க." ஒரு படத்தில் இதைச் செய்வது எளிது. கூந்தலைத் தேர்ந்தெடுத்து, மேலே ஒரு நிறத்தைப் பூசினால் முடிந்தது. அதே நிறத்தை, ஒரு எண்கூட மாறாமல், அடுத்த படத்தில் பூசும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. முதல் படத்தில் செம்பாக இருந்தது, முகூர்த்தப் படத்தில் சாம்பல் கலந்த ஊதாவாகத் தெரிகிறது. ரிசப்ஷன் படத்தில் விக் வைத்ததுபோல் இருக்கிறது. கணினியில் அளந்து பார்த்தால் மூன்றிலும் எண்கள் ஒன்றே.

எண்கள் ஒன்றாக இருப்பதுதான் இங்கே கோளாறு. ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்றால் எண்கள் படத்துக்குப் படம் மாறியாக வேண்டும். எவ்வளவு மாற வேண்டும் என்பதை வெளிச்சம் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கு நாம் நினைப்பதைவிட எளிமையானது.

கேமரா எதைப் பதிவு செய்கிறது?

ஒரு பொருளின் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை அது விழுங்கிவிட்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மிச்சத்தைத்தான் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து எண்ணாக்குகிறது. ஆகவே படத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் ஒரு பெருக்கல் விடை: விழுந்த ஒளி ஒரு பக்கம், பொருள் திருப்பி அனுப்பும் விகிதம் இன்னொரு பக்கம். கூந்தல் மாறாது. ஒளி மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு கல்யாணத்தில் எத்தனை வகை ஒளி வருகிறது என்று பாருங்கள். முதல்நாள் மாலை ரிசப்ஷன் மேடையில் வண்ண எல்இடி விளக்குகள். விடியற்காலை முகூர்த்தத்தில் வீடியோக்காரரின் ஹாலோஜன் விளக்கு. அதன் நிறவெப்பநிலை 3200 கெல்வின் அளவில், மஞ்சள் தூக்கலாக இருக்கும். குத்துவிளக்குச் சுடர் இன்னும் சிவந்தது, 2000 கெல்வினுக்கும் சற்றுக் கீழே. கேமராவின் ஃப்ளாஷ் 5500 கெல்வின் அளவில், நண்பகல் வெயிலை ஒத்திருக்கும். காலை ஒன்பது மணிக்குக் கோயில் பிராகாரத்து நிழலில் எடுத்தால், அங்கே விழுவது பெரும்பாலும் நீல வானத்தின் ஒளி. 7000 கெல்வினைத் தாண்டும். பெண் ஒருத்தி, கூந்தல் ஒன்று, வெளிச்சம் ஐந்து.

மண்டபத்தில் நேரில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இந்த வேறுபாடு உறைத்திருக்காது. காரணம் கண்ணும் மூளையும் செய்யும் ஒரு கழித்தல் வேலை. அறையில் மஞ்சள் அதிகம் என்றால், பார்வையின் மூன்று நிறப் பாதைகளும் தனித்தனியாகத் தம் உணர்திறனைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்கின்றன. ஜெர்மானிய உடலியலாளர் யோஹன்னஸ் ஃபான் கிரீஸ் 1902-இல் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார்: ஒவ்வொரு பாதையும் தனக்கென ஒரு பெருக்கெண்ணைக் கொண்டு தன்னைச் சமன் செய்துகொள்கிறது. இன்று ஒவ்வொரு கேமராவிலும் இருக்கும் ஒயிட் பேலன்ஸ் இந்தக் கருத்தின் வழிவந்ததுதான்.

படத்தைப் பார்க்கும்போதும் மூளை இதே வேலையைச் செய்கிறது. நெற்றியின் நிறம், பட்டுப் புடவை, பின்னால் நிற்பவரின் வெள்ளைச் சட்டை எல்லாவற்றையும் வைத்து "இங்கே வெளிச்சம் மஞ்சள்" என்று ஊகித்து, அதைக் கழித்துவிட்டுத்தான் கூந்தலின் நிறத்தைச் சொல்கிறது. பூசிய நிறம் அந்த மஞ்சளுக்குள் நனையாமல் தனியாக நின்றால், மூளை அதைச் சட்டென்று பிடித்துவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு எடுத்துக்காட்டு. எளிமைக்காக முழு எண்களை ஒட்டி வைத்துக்கொள்வோம். பகல் ஒளியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சம அளவில் விழுகின்றன. கறுப்புக் கூந்தல் அவற்றில் சிவப்பில் 3 சதவீதத்தையும் பச்சையில் 2.5 சதவீதத்தையும் நீலத்தில் 2 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது. நமக்கு வேண்டிய செம்பு நிறக் கூந்தல் 9, 4, 2 என்று அனுப்பும். அதாவது கறுப்பிலிருந்து செம்புக்குப் போக, சிவப்பை 3 மடங்கும் பச்சையை 1.6 மடங்கும் ஆக்கி, நீலத்தைத் தொடாமல் விட வேண்டும்.

இப்போது முகூர்த்தப் படத்துக்கு வாருங்கள். ஹாலோஜன் ஒளியில் பச்சையை 1 என்று வைத்தால், சிவப்பு 1.6, நீலம் 0.4 மட்டுமே. இந்த ஒளியில் உண்மையான செம்புக் கூந்தல் எப்படிப் பதிவாகியிருக்கும்? ஒன்பதை 1.6-ஆல் பெருக்கினால் 14.4, பச்சை 4, இரண்டை 0.4-ஆல் பெருக்கினால் 0.8. திருத்துபவர் பகல் படத்திலிருந்து எடுத்த 9, 4, 2 என்ற எண்களை அப்படியே இங்கே பூசினால், பார்ப்பவரின் மூளை ஒளியின் பங்கைக் கழிக்கும்: ஒன்பதை 1.6-ஆல் வகுத்தால் 5.6, பச்சை 4, இரண்டை 0.4-ஆல் வகுத்தால் 5. சிவப்பும் நீலமும் கிட்டத்தட்டச் சமம், பச்சை குறைவு. இது ஊதா கலந்த சாம்பல். முதலில் சொன்ன விசித்திரம் வந்தது இங்கிருந்துதான்.

சரியான வழி, நிறத்தைப் பூசாமல் மடங்கைப் பெருக்குவது. முகூர்த்தப் படத்தில் கறுப்புக் கூந்தல் 4.8, 2.5, 0.8 என்று பதிவாகியிருக்கிறது. அதே 3, 1.6, 1 என்ற மடங்குகளைப் பெருக்கிப் பாருங்கள்: 14.4, 4, 0.8. உண்மையான செம்புக் கூந்தல் அங்கே தந்திருக்க வேண்டிய விடை எதுவோ, அதுவே வருகிறது. ஹாலோஜனைப் பற்றி நாம் எதுவும் கேட்கவில்லை. ஒளி என்ன என்பது ஏற்கெனவே கறுப்புக் கூந்தலின் எண்களுக்குள் ஒளிந்திருந்தது. பெருக்கல் அதைக் கலைக்காமல் கொண்டுவந்துவிட்டது.

ஆகவே ஐந்து வெளிச்சத்துக்கும் ஒட்டிவைக்க வேண்டியது மூன்று மடங்குகள்தான். ஃபோட்டோஷாப்பில் 'கலர்' என்ற கலப்பு முறையில் நிறம் பூசுவதும், 'கலரைஸ்' பொத்தானைத் தட்டுவதும் ஏன் தொடர் படங்களில் கைகொடுப்பதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். அவை அடியில் இருக்கும் நிறத்தைத் துடைத்துவிட்டுப் புதியதை வைக்கின்றன. துடைத்ததோடு வெளிச்சத்தின் தடயமும் போய்விடுகிறது.

செய்முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. கோப்பில் இருக்கும் எண்கள் ஒளியின் நேரடி அளவுகள் அல்ல, ஏறத்தாழ 2.2 என்ற காமா வளைவால் மடக்கப்பட்டவை. ஒளியை 3 மடங்காக்க, கோப்பின் எண்ணை 1.65 மடங்காக்கினால் போதும், ஒளியை 1.6 மடங்காக்க, 1.24 மடங்கு. அடோபி ஆர்ஜிபி வெளியில் வேலை செய்பவர் கர்வ்ஸ் அடுக்கில் சிவப்புக் கோட்டை 100-இலிருந்து 165-க்கும், பச்சைக் கோட்டை 100-இலிருந்து 124-க்கும் போகும்படி அடியிலிருந்து நேராக இழுத்தால் நம் மூன்று மடங்குகள் கிடைத்துவிடும். பிறகு அந்த அடுக்கைக் கூந்தலின் முகமூடியோடு ஒவ்வொரு படத்துக்கும் நகலெடுக்கலாம். மாறுவது முகமூடி மட்டுமே.

மல்லிகைப்பூ ஒரு அளவுகோல்

இந்தக் கணக்கு நிற்க வேண்டும் என்றால் படங்களின் அடிப்படை ஒழுங்காக இருக்க வேண்டும். கேமரா தானியங்கி ஒயிட் பேலன்ஸில் இருந்தால், அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களிலேயே சாயல் மாறியிருக்கும். ரா கோப்புகளில் இதைப் பின்னால் சரிசெய்யலாம். முதல் வேலை, படங்களை நேர வரிசையில் பார்க்காமல் வெளிச்ச வாரியாகப் பிரித்துவைப்பது. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு படத்தை முன்மாதிரியாக எடுத்துச் சமன் செய்து, கட்டின் மற்ற படங்களை அதற்கு ஒப்பாகக் கொண்டுவர வேண்டும்.

சமன் செய்ய நடுநிலையான ஒரு பொருள் வேண்டும். பலரும் வெள்ளை வேட்டியைத் தொடுவார்கள். அது ஏமாற்றும். புது வேட்டியிலும் சலவைத் தூளிலும் இருக்கும் ஒளிர்வூட்டிகள் வெயிலின் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழ்கின்றன. வெளியில் எடுத்த படத்தில் வேட்டி நீலம் காட்டும். புறஊதா இல்லாத எல்இடி ஒளியில் அதே வேட்டி சாதாரண வெள்ளை. அதை நம்பிச் சமன் செய்தால், பிராகாரத்துப் படங்கள் மட்டும் மஞ்சளித்துப்போகும்.

அதைவிட நம்பத்தகுந்த பொருள் கூந்தலிலேயே இருக்கிறது. மல்லிகைச் சரம். அதில் ஒளிர்வூட்டி கிடையாது. கூந்தலின் மேல் எந்த ஒளி விழுகிறதோ, அதே ஒளி அதே கோணத்தில் பூவின் மேலும் விழுகிறது. மேடையில் இரண்டடி தள்ளி நிற்கும் மாப்பிள்ளையின் சட்டைக்கு வேறு வெளிச்சம் கிடைத்திருக்கலாம். பூவுக்கும் சடைக்கும் அப்படி ஆகாது. மல்லிகை முழு வெள்ளை அல்ல, லேசான பால் மஞ்சள்தான். ஆனால் எல்லாப் படத்திலும் அதே மஞ்சள் என்பதால் ஒப்பிடுவதற்குக் குறையில்லை. மூன்று எச்சரிக்கைகள் போதும். ஃப்ளாஷில் வெளுத்து 255-ஐத் தொட்டுவிட்ட இதழைத் தொடக் கூடாது. அங்கே தகவல் இல்லை. மாலையில் வாடிப் பழுத்த சரத்தைக் காலைப் பூவோடு ஒப்பிடக் கூடாது. கனகாம்பரம் கலந்து தொடுத்திருந்தால், அதன் ஆரஞ்சு பக்கத்து மொட்டின் மேல் படிந்திருக்கும். தனி மல்லிகைப் பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

சமன் செய்தால் முகூர்த்தத்தின் பொன்வெளிச்ச அழகு போய்விடுமே என்று தோன்றலாம். போக வேண்டியதில்லை. பெருக்கலில் எதை முன்னால் பெருக்கினாலும் விடை ஒன்றே. படத்தைச் சமன் செய்து, கூந்தலை மாற்றி, பிறகு மொத்தப் படத்துக்கும் வேண்டிய அளவு மஞ்சளைத் திருப்பிக் கொடுக்கலாம். கூந்தலும் நெற்றியும் புடவையும் சேர்ந்தே சூடாகும். ஃபில்டர், பிரீசெட் போன்ற அலங்காரங்கள் வெறும் பெருக்கலில் நிற்பவை அல்ல. அவற்றை எப்போதும் கடைசியில்தான் போட வேண்டும்.

பளபளப்பு ஏன் நிறம் மாறக் கூடாது

இதுவரை சொன்னபடி செய்தாலும் சில படங்களில் கூந்தல் பொம்மை முடிபோல் தெரியும். அதற்குக் காரணம் முடியின் அமைப்பு. ஒரு முடியின் மேல்தோல், ஓட்டு வீட்டுக் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய செதில்களால் ஆனது. செதில்களின் திறந்த ஓரம் முடியின் நுனியை நோக்கி இருக்கும். சாய்வு சுமார் 3 டிகிரி. ஒளி இந்தச் செதில்களில் பட்டு உள்ளே நுழையாமலேயே தெறிக்கும்போது முடியின் நிறமியைச் சந்திப்பதே இல்லை. அதனால்தான் கறுப்பு முடியின் பளபளப்பும் வெள்ளையாக இருக்கிறது. அது விளக்கின் நிறம்.

ஒளியின் இன்னொரு பகுதி முடிக்குள் புகுந்து, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, வெளியே வருகிறது. இது நிறமியை இருமுறை கடந்து வருவதால் முடியின் நிறத்தைச் சுமந்துவரும். ஸ்டீபன் மார்ஷ்னரும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரண்டு பளபளப்புகளும் ஒரே இடத்தில் விழுவதில்லை என்று அளந்து காட்டியது. செதில்களின் சாய்வால் வெள்ளைப் பட்டை சற்று வேர்ப் பக்கமும் நிறப்பட்டை சற்று நுனிப் பக்கமும் விலகி நிற்கின்றன. கணினித் திரைப்படங்களில் முடியை இன்று நம்பும்படி வரைய முடிவது இந்த ஆய்வின் பயன். கறுப்புக் கூந்தலில் இரண்டாவது பட்டையை நிறமி கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடுகிறது. செம்புக் கூந்தலில் அது தெளிவாகத் தெரியும்.

திருத்துபவருக்கு இதிலிருந்து இரண்டு வேலைகள் கிடைக்கின்றன. வெள்ளைப் பளபளப்பின் மேல் நம் மடங்குகள் விழக் கூடாது. அங்கே மூன்று நிறமும் 30, 30, 30 என்றிருந்தால், பெருக்கியதும் 90, 48, 30 ஆகி ஆரஞ்சுக் கோடாக எரியும். உண்மையான கூந்தல் எதுவும் அப்படி மின்னாது. 'பிளெண்ட் இஃப்' நழுவிகளை வைத்து, அடிப்படத்தில் வெளிச்சம் ஏற ஏற மடங்கு மெல்ல மங்கும்படி செய்ய வேண்டும். அடுத்தது, வெள்ளைப் பட்டைக்குச் சற்றுக் கீழே, நுனிப் பக்கமாக, மெல்லிய செம்புச் சாயல் ஒன்றைச் சேர்ப்பது. விரல் அகலம்கூட வேண்டாம். பார்ப்பவருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனால் முடி உயிரோடு இருப்பதாகத் தோன்றும்.

கணக்கு கைவிடும் இடங்கள்

மாலை வெயில் பின்னாலிருந்து அடிக்கும் படத்தில் பெருக்கல் போதாது. வெளிர் முடியின் ஊடே ஒளி நேராகக் கடந்துவரும். ஓரமெல்லாம் தணல்போல் ஒளிரும். கறுப்பு முடி அந்த ஒளியை விழுங்கிவிட்டதால், பெருக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஓர முடிகளுக்கு மட்டும் தனி முகமூடி போட்டுச் சிவந்த பொன்னிறத்தைக் கையால் சேர்க்கத்தான் வேண்டும்.

இருட்டில் முற்றிலும் அமுங்கிப்போன இடங்களும் இப்படித்தான். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யமே. சுற்றிலும் செம்பாக மாற, பிடரிக்குக் கீழே ஒரு கரித்திட்டு மட்டும் நிற்கும். மங்கலான மண்டபத்தில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்திருந்தால், சிவப்புப் பாதையின் இரைச்சலும் மும்மடங்காகிக் கூந்தலில் செம்புள்ளிகள் தூவியதுபோல் தெரியும். இரைச்சலை நீக்கிவிட்டுப் பெருக்க வேண்டும். பெருக்கிவிட்டு நீக்கப் போனால் முடி மெழுகாகிவிடும். ஜேபெக் படங்கள் மட்டும் கையில் இருந்தால் இந்த இரண்டு தொல்லையும் அதிகம். கறுப்புக் கூந்தல் முழுவதையும் சொல்ல அதில் சில பத்துப் படிநிலைகள்தான் இருக்கின்றன.

ஒரு பக்கம் சன்னல், மறுபக்கம் ஹாலோஜன் என்றிருக்கும் படத்தில் ஒரு ஒயிட் பேலன்ஸால் இரண்டையும் சமன் செய்ய முடியாது. முகத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு சமன் போட வேண்டும். கூந்தலின் மடங்குகளை அப்போதும் தொட வேண்டியதில்லை.

ரிசப்ஷன் மேடையின் நீல எல்இடிதான் எல்லோரையும் குழப்புவது. சிவப்பு 1, பச்சை 1, நீலம் 10 என்ற ஒளியில் கறுப்புக் கூந்தல் 3, 2.5, 20. பெருக்கியபின் 9, 4, 20. அப்போதும் நீலம்தான் ஆள்கிறது. செம்பு கண்ணுக்குப் படவே இல்லை. "இந்தப் படத்துல மட்டும் கலர் வரலையே" என்று வாடிக்கையாளர் கேட்பார். உண்மையிலேயே செம்புச் சாயம் பூசிய பெண் அந்த விளக்கின் கீழ் நின்றிருந்தாலும் இப்படித்தான் தெரிந்திருப்பாள். திருப்பி அனுப்பப் போதிய சிவப்பு ஒளி அங்கே இல்லை. இந்தப் படங்களில் செம்பை வலிந்து ஏற்றினால், தொடரில் பொய்யாகத் தெரிபவை இவைதான். அப்படியே விட்டுவிடுவது நல்லது. மனம் ஒப்பவில்லை என்றால் கறுப்பு வெள்ளையாக்கி ஆல்பத்தில் வைக்கலாம்.

சரிபார்ப்பது எப்படி

ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தால் கண் ஏமாறும். சில நொடிகளில் அந்தப் படத்தின் சாயலுக்கே பழகிவிடும். ஒவ்வொரு படத்திலும் நெற்றி, வகிடு, கொஞ்சம் பூ மூன்றும் சேர்ந்த ஒரு பட்டையை வெட்டி, எல்லாப் பட்டைகளையும் ஒரே நடுச்சாம்பல் பின்னணியில் அடுக்கிப் பாருங்கள். விலகி நிற்பது உடனே தெரியும். தெரிந்தபின், பளபளப்பும் ஆழ்நிழலும் இல்லாத இடத்தில் கூந்தலை அளந்து, பூவின் அளவால் மூன்று நிறத்தையும் தனித்தனியே வகுக்க வேண்டும். வெளிச்சத்தின் கோணத்தால் மொத்த அளவு கூடலாம், குறையலாம். மூன்றுக்கும் இடையிலான விகிதம் படத்துக்குப் படம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அலங்கார அறைக் கண்ணாடியில் தெரியும் கூந்தலையும் மறக்கக் கூடாது. பெண் செம்புக் கூந்தலோடு உட்கார்ந்திருக்க, கண்ணாடியில் கறுப்பு முடி இருப்பது ஆல்பங்களில் அடிக்கடி காணக்கூடிய தவறு.

அச்சுக்கு அனுப்புமுன் மிகவும் இருண்ட படம் ஒன்றையும் மிகவும் வெளிச்சமான படம் ஒன்றையும் சிறு துண்டாக அச்சடித்துப் பார்த்துவிடுவது அவசியம். திரையில் தெரியும் இருண்ட செம்பு, தாளில் கறுப்போடு கலந்து மறைந்துபோவது உண்டு.

கல்யாணம் வைத்திருப்பவர்கள் புகைப்படக்காரரிடம் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். படங்களை ரா கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் மாறும் ஒவ்வொரு இடத்திலும், மணப்பெண்ணின் தோளருகே ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரே ஒரு படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்துக்கு ஐந்து படம். பின்னால் கூந்தலுக்கு எந்த நிறம் கேட்டாலும், அதை ஆல்பம் முழுக்க ஒன்றுபோல் கொண்டுவர அந்த ஐந்து படங்கள்தான் கைகொடுக்கும்.